டை மாற்றும் நேரம் குறைந்தது: பதிவில் யாருக்கு எந்த வரி?

தகட்டை அழுத்திப் பாகங்களாக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில், டை எனப்படும் அச்சை மாற்றும் நேரம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அந்த வேலையில் இருந்த பிராசஸ் இன்ஜினியர் அதைப் பற்றி லிங்க்ட்இன்னில் ஒரு பதிவு போட உட்கார்ந்திருக்கிறார். ஏழெட்டுப் பேர் கை வைத்த வேலை அது. யாருடைய உழைப்பையும் தனதாக்கிக்கொண்டதாக இருக்கக்கூடாது. தன் பங்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் நாளைக்கு அவரை வேலைக்கு எடுக்கப்போகிறவர் படிக்கப்போவதும் அதே பதிவைத்தான். இதை எழுத நான்கு வழிகள் புழக்கத்தில் உண்டு. உற்பத்தித் துறையில் ஆள் எடுக்கும் பேட்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படிப்பட்ட பதிவுகளை நிறையப் படித்திருக்கிறேன். எந்த வழி எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதை ஒரே வேலையை வைத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த வேலை. 400 டன் மெக்கானிக்கல் பிரஸ், அதில் மாறி மாறி ஓடும் 6 டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் கணக்குக்கு வசதியாக நான் எடுத்துக்கொண்டவை. வேலை நடக்கும் விதம் ஓசூரோ ஒரகடமோ எங்கும் கிட்டத்தட்ட இதுதான். டை மாற்றும் நேரம் என்பது பழைய டையில் அடித்த கடைசி நல்ல பீஸிலிருந்து புது டையில் வரும் முதல் நல்ல பீஸ் வரைக்குமான நேரம். பழைய கணக்கில் அது 90 நிமிடம். டை ரேக்கில் அடுத்த டையைத் தேடி, கிரேன் காலியாகக் காத்திருந்து, பிரஸ்ஸுக்குக் கொண்டுவர 20. பழைய டையின் போல்ட்டுகளைக் கழற்றி இறக்க 15. புது டையை ஏற்றி, ஸ்கேல் வைத்து நடுப்படுத்தி, கிளாம்ப் போட 20. பிரஸ்ஸில் மேலும் கீழும் போகும் ரேமை ஏற்றி இறக்கி, டை மூடி நிற்கும் உயரமான ஷட் ஹைட்டைப் பிடிக்க 15. முதல் பீஸைக் குவாலிட்டி அறைக்கு எடுத்துப்போய், அளந்து, ஒப்புதல் வாங்கி வர 20.

வேலை முடிந்தபின் 35. அடுத்த டை எது என்பதைத் திட்டப் பிரிவு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிரேன் ஆபரேட்டர் அதைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். ஆகவே அந்த 20 நிமிடம் கணக்கிலிருந்தே போய்விட்டது. 6 டைகளின் கிளாம்ப் போடும் இடத்தையும் டூல் ரூம் ஒரே தடிமனுக்குக் கொண்டுவந்தது. டைக்கு டை வேறு போல்ட் தேட வேண்டாம், கழற்றி இறக்குவது 10 நிமிடத்தில் முடிகிறது. டை உட்காரும் மேடையான போல்ஸ்டரில், அதைச் சரியான இடத்தில் நிறுத்தும் லொகேட்டிங் பின் வந்ததால் ஸ்கேல் வைத்து நடுப்படுத்தும் வேலை இல்லை, அதுவும் கிளாம்ப்பும் சேர்ந்து 10. டைகளுக்கு அடியில் பேக்கிங் பிளேட் கொடுத்து ஷட் ஹைட்டை ஒன்றாக்கியதால் ரேமைச் சரிபார்க்க 5 போதும். பீஸைச் சரிபார்க்கும் செக்கிங் ஃபிக்ஸ்சர் பிரஸ் பக்கத்திலேயே இருக்கிறது. குவாலிட்டி இன்ஸ்பெக்டர் அங்கேயே வந்து பார்த்துவிடுவதால் 10. மொத்தத்தில் 55 நிமிடம் மிச்சம்.

இதில் நம் இன்ஜினியர் என்ன செய்தார்? மூன்று ஷிஃப்டிலும் டை மாற்றத்தை வீடியோ எடுத்தார். பிரஸ் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்தார். 6 டைகளின் உயரத்தையும் அளந்து, எதற்கு எவ்வளவு பேக்கிங் வேண்டும் என்று அட்டவணை போட்டார். லொகேட்டிங் பின்னுக்கு டிராயிங் வரைந்தார். இவ்வளவுதான் அவர் பங்கு. பதிவு இதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

முதல் வழி எல்லாவற்றையும் அணியின் பெயரில் போடுவது.

> எங்கள் அணியின் கூட்டு முயற்சியால் டை மாற்றும் நேரம் 60 சதவீதம் குறைக்கப்பட்டுள்ளது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. இந்தப் பயணத்தில் நானும் ஒரு பகுதியாக இருந்ததில் பெருமை.

இதில் யார் மனமும் புண்படாது, அதனால்தான் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. கிரேன் ஆபரேட்டர் இதைப் படித்தால் தனக்கான வரி எது என்று அவருக்குத் தெரியாது. “அனைவருக்கும்” என்ற சொல்லுக்குள் அவரும் இருக்கிறார், அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காதவரும் இருக்கிறார். ஆள் எடுப்பவர் படித்தால், எழுதியவர் வீடியோ எடுத்தவரா, பிளேட்டை வெல்டிங் செய்தவரா, ரிப்போர்ட்டை டைப் செய்தவரா என்பது விளங்காது. “குறைக்கப்பட்டது”, “மேம்படுத்தப்பட்டது” என்று வினைகள் வரிசைகட்டி நின்றால், செய்தவர் பெயரை எழுதியவர் விழுங்கிவிட்டார் என்றே எனக்குப் படும். நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் மக்கள்தொடர்புப் பிரிவு எழுதினால் இந்த நடை பொருந்தும். தனி ஆள் தன் பக்கத்தில் எழுதும்போது நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டாவது, பெயர்களை டேக் செய்வது. “இவர், இவர், இவர் இல்லாமல் இது நடந்திருக்காது” என்று எட்டுப் பத்துப் பெயர். அன்பாகத்தான் செய்கிறார்கள். டேக் செய்தால் அவர்களுக்கு அறிவிப்பு போகும், அவர்களும் வந்து நல்ல வார்த்தை எழுதுவார்கள், பதிவு நாலு பேர் கண்ணில் படும். சிக்கல் வேறு இடத்தில். டேக் செய்ய வேண்டுமென்றால் அந்த ஆளுக்கு அங்கே கணக்கு இருக்க வேண்டும். மேலாளருக்கு இருக்கும், டிசைன் இன்ஜினியருக்கு இருக்கும். டை செட்டருக்கும் கிரேன் ஆபரேட்டருக்கும் ஒப்பந்தத்தில் வரும் வெல்டருக்கும் பெரும்பாலும் இருக்காது. அதனால் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று எண்ணெய்க் கறையோடு வேலை பார்த்தவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள், மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் வந்துவிடுவார்கள். எழுதியவருக்கு அப்படி ஒரு எண்ணமே இருக்காது. டேக் பட்டியல் தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பெயர் வரிசை இன்னொன்றையும் மறைக்கிறது. யார் என்ன செய்தார் என்பதை அது சொல்வதில்லை. அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளில் இதே சிக்கல் நெடுநாளாக இருந்தது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று வரிசையை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைச் சரிசெய்ய ‘கிரெடிட்’ என்ற பங்களிப்பு வகைப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கருத்துருவாக்கம், தரவைப் பேணுதல், மென்பொருள், மேற்பார்வை, நிதி திரட்டல் என்று 14 பங்குகள். 2022-ல் அது அமெரிக்காவில் முறையான தரநிலையாகவும் ஆனது. ஒருவருக்குப் பல பங்கு இருக்கலாம், ஒரே பங்கைப் பலர் செய்திருக்கலாம். எனக்கு அதில் பிடித்த விஷயம், ‘பேராசிரியர்’, ‘துறைத்தலைவர்’ என்ற பதவிகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை, செய்த செயலுக்குத்தான் இடம். நம் பதிவிலும் அதுவே அளவுகோல். “துணைப் பொது மேலாளரின் வழிகாட்டுதலில்” என்று எழுதினால் பதவி மட்டும் தெரியும். அந்த ஆள் செய்தது என்ன? இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸை நிறுத்தித் தர உற்பத்திப் பிரிவிடம் பேசி ஒப்புதல் வாங்கினார், பிளேட் வாங்கப் பணம் ஒதுக்கினார். அதை எழுதினால் மேலாளருக்கும் அது கூடுதல் மரியாதைதான். பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த எவருக்கும் ஓடுகிற பிரஸ்ஸை நிறுத்தி வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

மூன்றாவது வழி நேர் எதிர்ப்பக்கம். “டை மாற்றும் நேரத்தை 90 நிமிடத்திலிருந்து 35 நிமிடமாகக் குறைத்தேன். 7 பேர் கொண்ட பல்துறை அணிக்குத் தலைமை தாங்கினேன்.” பயோடேட்டாவில் ஒரு வரிதான் இடம் என்றால் இப்படித்தான் எழுதச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதில் எனக்கு அவ்வளவாகக் குறையில்லை. பதிவில் இது வேறு மாதிரி விழும், ஏனென்றால் அதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அதே ஷாப்பில் இருப்பவர்கள். பேட்டியிலும் இது நிற்காது. இப்படி எழுதியவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “அந்த 55 நிமிடத்தில் உங்கள் கையால் குறைந்தது எது?” நேர்மையானவர் அங்கே தடுமாறுகிறார். 20 நிமிடம் கிரேன் முன்னாலேயே வந்ததால் போனது. 10 நிமிடம் இன்ஸ்பெக்டர் இடம் மாறியதால் போனது. “எல்லாம் நான் சொல்லித்தான் செய்தார்கள்” என்று ஒருவர் பதில் சொன்னால் எனக்கு அந்தப் பேட்டி அத்தோடு முடிந்த மாதிரி.

நிமிடங்களை ஆளுக்கு ஆள் பங்குபோட முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஷட் ஹைட் பிடிப்பதில் 10 நிமிடம் மிச்சமானது. அது அட்டவணை போட்டவரால் வந்ததா, பிளேட்டை மட்டமாக கிரைண்ட் செய்தவரால் வந்ததா? அட்டவணை இல்லாமல் பிளேட் இல்லை. பிளேட் மட்டமாக இல்லையென்றால் அட்டவணை வெறும் தாள். ஆகவே எண் முழுவதையும் அணிக்கே விட்டுவிட வேண்டும். வினையை மட்டும் ஆளுக்கு ஆள் பிரிக்க வேண்டும். அளந்தேன், பிரித்தேன், வரைந்தேன் என்பவை என்னுடையவை. குறைந்தது 55 என்பது எல்லாருடையது.

நான்காவது வழிக்கு இதுதான் அடிப்படை. ஆட்களை வரிசைப்படுத்தாமல், வேலை நடந்த வரிசையிலேயே பதிவை எழுதுவது. ஒவ்வொரு படியிலும் அதைச் செய்த பங்கு வரும். எழுதுபவரும் தன் முறை வரும் இடத்தில் மட்டும் வருவார்.

இந்த வேலையில் மிகவும் கவனம் தேவைப்படும் இடம் லொகேட்டிங் பின். அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இன்ஜினியர் எடுத்த வீடியோவில், இரவு ஷிஃப்ட் டை செட்டர் மட்டும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் டையை நடுப்படுத்தியது தெரிந்தது. ஓட்டி ஓட்டிப் பார்த்தால், அவர் போல்ஸ்டரின் பின்பக்கம் ஒரு ஃபிளாட் துண்டை கிளாம்ப் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார். டையைத் தள்ளினால் அதில் போய் முட்டி நிற்கும். ஸ்கேல் வைக்கும் வேலை ஒரு பக்கம் குறைந்துவிடும். யாரும் சொல்லாமல், தன் வசதிக்காக அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது. இன்ஜினியர் அதைப் பார்த்துத்தான் இரண்டு பக்கமும் பிடிக்கும்படி, 6 டைக்கும் பொதுவாக வரும்படி பின் டிராயிங் போட்டார். டூல் ரூம் டைகளின் அடித்தட்டில் அதற்கான வழி வெட்டிக்கொடுத்தது. ரிப்போர்ட்டில் என்ன மிஞ்சும்? டிராயிங் நம்பரும் வரைந்தவர் கையெழுத்தும் மிஞ்சும். ஃபிளாட் துண்டு எங்கும் பதிவாகாது. ஆறு மாதம் போனால் யோசனையே இன்ஜினியருடையது என்று ஆகிவிடும், அவரே அப்படி நம்பவும் தொடங்கிவிடுவார். இதைத் தடுக்கும் வாய்ப்பு அந்தப் பதிவுக்கு இருக்கிறது.

இந்தத் துறையின் வரலாற்றிலேயே இது நடந்திருக்கிறது. டை மாற்றும் நேரத்தைக் குறைக்கும் முறைக்கு உலகம் முழுவதும் ஜப்பானியப் பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோவின் பெயரைத்தான் சொல்கிறார்கள். 1969-ல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ்ஸின் செட்டப்பை 4 மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணிக்கும், பிறகு 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்த கதையை அவர் எழுதி வைத்தார், அது பரவியது. ஆனால் அதற்குப் பல ஆண்டு முன்பே டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான தாயிச்சி ஓனோவின் கீழ் ஷாப்பில் செட்டப் நேரத்தைக் குறைக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. டொயோட்டாவில் பணியாற்றியவர்கள் பின்னாளில் இதைச் சொல்லி, ஷிங்கோவுக்குப் போன பெயர் அளவுக்கு மீறியது என்று வாதிட்டார்கள். செட்டப் வேலையை, பிரஸ் நின்றால்தான் முடிகிற உள்வேலை, ஓடும்போதே செய்யக்கூடிய வெளிவேலை என்று பிரித்து ஒரு முறையாக எழுதிக்கொடுத்தது ஷிங்கோவின் பெரிய பங்கு. அதில் சந்தேகமில்லை. எழுதி வைத்தவருக்கே முழு வேலையின் பெயரும் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால்தான், எழுதுகிற கைக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்கிறேன்.

நான்காவது வழியில் பதிவு இப்படி வரும்:

> எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரு பிரஸ்ஸின் டை மாற்றும் நேரம் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. இந்த வேலையில் என் பங்கு நேரத்தை அளந்தது, டைகளின் உயர அட்டவணை, லொகேட்டிங் பின் டிராயிங். மீதியைச் செய்தவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.
>
> மூன்று ஷிஃப்டிலும் வீடியோ எடுத்துப் பார்த்தபோது, பிரஸ் நிற்கும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி டைக்காகவும் ஒப்புதலுக்காகவும் காத்திருப்பதிலேயே போனது தெரிந்தது. அடுத்த டை எது என்று முன்கூட்டியே சொல்லும் ஏற்பாட்டைத் திட்டப் பிரிவு கொண்டுவந்தது. கிரேன் ஆபரேட்டர்கள் தங்கள் சுற்றை மாற்றிக்கொண்டு, பிரஸ் ஓடும்போதே டையைப் பக்கத்தில் வைக்கத் தொடங்கினார்கள்.
>
> நடுப்படுத்தும் யோசனை இரவு ஷிஃப்ட் டை செட்டருடையது. அவர் ஏற்கெனவே வைத்திருந்த ஸ்டாப்பரைப் பார்த்துத்தான் எல்லா டைக்கும் பொருந்தும் பின்னை வரைந்தேன். டூல் ரூம் அதைச் செய்து பொருத்தியது, கிளாம்ப் தடிமனையும் ஒன்றாக்கியது. ஷட் ஹைட்டுக்கான பிளேட்டுகளை என் அட்டவணைப்படி கிரைண்ட் செய்து கொடுத்ததும் அவர்கள்தான்.
>
> குவாலிட்டி இன்ஸ்பெக்டர் தன் ஃபிக்ஸ்சரைப் பிரஸ் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டு, முதல் பீஸை அங்கேயே பார்க்க ஒத்துக்கொண்டார். இதற்கெல்லாம் பிரஸ்ஸை நிறுத்தி நேரம் வாங்கிக்கொடுத்தது எங்கள் மேலாளர்.

தன் பங்கைச் சொல்லும் வரியை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. கைபேசியில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மிச்சத்தைப் படிக்கத் தட்டித் திறக்க வேண்டும். அடக்கத்துக்காகத் தன் வரியைக் கடைசியில் போட்டால் ஆள் எடுப்பவர் அதுவரை வரமாட்டார். முதல் வரியிலேயே போட்டால் மூன்றாவது வழியின் வாடை வந்துவிடும். முடிவு முதலில், என் பங்கு எதுவரை என்பது அடுத்து, பிறகு மற்றவர்கள் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த வரியில் எல்லை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மூன்று வேலையைச் சொல்லி நிறுத்திவிட்டதால், மீதி எதையும் அவர் கோரவில்லை என்பது தெளிவாகிவிடுகிறது. அதே சமயம் அளவெடுப்பும் டிராயிங்கும் தெரிந்த ஆள் என்பது, அப்படி ஒருவரைத் தேடுபவருக்கு உடனே புரியும். “சிறு பங்காற்றினேன்” என்று எழுதியிருந்தால் இரண்டுமே கிடைத்திருக்காது.

நான்காவது வழிக்கும் குறை உண்டு. பங்கை மட்டும் சொன்னால் ஆள் மறைந்துபோகலாம். ‘டூல் ரூம்’ என்றால் அதில் பத்துப் பேர் இருப்பார்கள், கிரைண்டிங் செய்தவர் ஒருவர்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அது யாரென்று தெரியும், வெளியே இருப்பவருக்குத் தெரியாது. டை செட்டரைப் போல ஒரு தனி யோசனை தந்தவர் என்றால், அவரிடம் கேட்டு, சரி என்றால் பெயரையும் சேர்ப்பது நல்லது. கேட்காமல் போடக்கூடாது. விதிமுறையில் இல்லாத ஒரு ஸ்டாப்பரை அவர் தானாக வைத்திருந்தார் என்று பொதுவெளியில் எழுதுவது அவரைப் பாதுகாப்பு அதிகாரியின் முன் நிறுத்தவும் கூடும். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். “அண்ணே, இப்படி எழுதியிருக்கேன், உங்க பேரைப் போடட்டுமா, இல்ல டை செட்டர்னு மட்டும் இருக்கட்டுமா?” என்று கைபேசியை நீட்டிக் கேட்டால் போதும். படித்துவிட்டு, “பின்பக்க ஸ்டாப்பர் நான் வச்சது, சைடு ஸ்டாப்பர் முதல் ஷிஃப்ட்காரர் வச்சது தம்பி” என்று அவரே திருத்தினாலும் திருத்துவார். அந்தத் திருத்தம் வெளியிட்ட பிறகு வருவதைவிட முன்னால் வருவது எவ்வளவோ மேல்.

நிறுவனத்தின் கட்டுப்பாடுகளும் இந்த வழியில்தான் அதிகம் குறுக்கே வரும், ஏனென்றால் இதில் விவரம் அதிகம். வாடிக்கையாளர் பெயர், பார்ட் நம்பர், டையின் படம் எதுவும் வரக்கூடாது. கார் நிறுவனங்களுக்கு பார்ட் செய்துகொடுக்கும் ஷாப்புகளில் இதற்குத் தனி ஒப்பந்தமே இருக்கும். நிமிடக் கணக்கை வெளியே சொல்ல அனுமதியில்லை என்றால் சதவீதம் போதும். மேலே உள்ள மாதிரியில் 90, 35 இரண்டும் இல்லாததற்கு அதுதான் காரணம். பிரஸ்ஸின் டன்னேஜையும் விட்டுவிடலாம், பதிவுக்கு அதனால் ஒன்றும் குறையாது. ஷாப்புக்குள் எடுத்த குழுப்படத்தைப் போடுவதற்கு முன், பின்னணியில் ஓடும் பார்ட் எது, சுவரில் ஒட்டியிருக்கும் உற்பத்திப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஆக, தேர்வு இப்படி. நிறுவனத்தின் பக்கத்தில் வரும் அறிவிப்பு என்றால் முதல் வழி. பயோடேட்டாவில் ஒற்றை வரி என்றால் மூன்றாவது, ஆனால் “குறைத்தேன்” என்பதற்குப் பதில் “நேர ஆய்வும் லொகேட்டிங் வடிவமைப்பும் செய்தேன், அணி 60 சதவீதம் குறைத்தது” என்று எழுதினால் பேட்டியில் தடுமாற வேண்டியிருக்காது. இரண்டு மூன்று பேர் மட்டும் செய்த சின்ன வேலை, எல்லாருக்கும் அங்கே கணக்கு இருக்கிறது என்றால் பெயர்களை டேக் செய்வதே போதும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் செய்ததை ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது. பல பிரிவுகள் சேர்ந்து, ஷாப்பில் இருப்பவர்கள் கையால் நடந்த வேலை என்றால் நான்காவது வழியைத்தான் எடுப்பேன்.

பதிவு வெளியான பிறகு வரும் பின்னூட்டங்களில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. “பிரமாதம் தம்பி, கலக்கிட்டீங்க” என்று மூத்தவர் ஒருவர் எழுதுவார். “நன்றி சார்” என்று மட்டும் சொன்னால், பதிவில் பிரித்துக் கொடுத்தது அங்கே மறுபடியும் ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடும். “நன்றி சார், அந்த ஸ்டாப்பர் யோசனைதான் பாதி வேலையைச் செய்தது” என்று பதில் எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தை ஒரு படமெடுத்து ஷாப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். டை செட்டரும் கிரேன் ஆபரேட்டரும் பார்ப்பது அங்கேதான்.